கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்

பென்சிலில் உருவப்படம் வரைந்து கொடுப்பவர்களிடம் வருகிற வேலைகளில் பாதிக்கு மேல் இறந்துபோனவர்களின் படங்கள்தான். அப்பா, அம்மா, தாத்தா. பெரும்பாலும் அவர்கள் வயதானவர்கள். பெரும்பாலும் கண்ணாடி போட்டவர்கள். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல படத்தில் கண்ணாடி வில்லை மேல் வெளிச்சம் விழுந்து கண் தெரியாமல் போயிருக்கும். எனக்கு இந்தச் சிக்கல் மாதம் ஒருமுறையாவது வரும். சென்ற ஆண்டு வந்த ஒரு படத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். அதில் இந்தச் சிக்கலின் இரண்டு வடிவங்களும் ஒரே முகத்தில் இருந்தன.

படம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் செல்போனில் எடுத்தது. பெரியவர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகம் நமக்கு இடப்பக்கமாக லேசாகத் திரும்பியிருக்கிறது. வாயோரத்தில் நல்ல சிரிப்பு. இடப்பக்க வில்லையில் வாசல் பக்கத்து மாலை வெளிச்சம் நீலமாய் ஒரு திரை மாதிரி படர்ந்திருந்தது. வலப்பக்க வில்லையில் வீடியோக்காரரின் விளக்கு விழுந்து சுத்த வெள்ளையாக, சுண்ணாம்பு அப்பினது போல இருந்தது. கொண்டுவந்த மகள் சொன்னார்: “அண்ணா, வேற படம் இருக்கு. ஆனா இந்தச் சிரிப்பு வேற எதுலயும் இல்ல. கண்ணு மட்டும் எப்படியாவது வேணும்.”

இப்படி வரும்போது முதலில் பார்க்கவேண்டியது, அந்தப் பளபளப்பு யாருடையது என்பதை. பழைய ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் போனில் படம்பிடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. அதில் வெளிச்சம் கண்ணாடி வில்லையில் விழுந்திருக்காது. ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையில் விழுந்திருக்கும். பளபளப்பு பிரேமைத் தாண்டி புருவத்துக்கோ கன்னத்துக்கோ ஓடினால் அது உறையின் வேலை. படத்தை உறையிலிருந்து எடுத்து, நிழலான வராந்தாவில் வைத்து மறுபடி எடுக்கச் சொன்னால் அங்கேயே பிரச்சினை முடிந்துவிடும். வில்லையின் விளிம்போடு பளபளப்பு சரியாக நின்றுவிட்டால்தான் நம் வேலை ஆரம்பிக்கிறது. பெரியவரின் படத்தில் அது விளிம்போடு நின்றது.

இனி அந்த வெளிச்சம் கண்ணை எப்படி மறைக்கிறது என்று பார்க்கவேண்டும். பூச்சு எதுவும் இல்லாத சாதாரண வில்லையின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். முன்புறம், பின்புறம் இரண்டும் சேர்ந்தால் 8 சதவீதம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் புருவத்துக்குக் கீழே, பிரேமின் நிழலில் இருக்கும் கண்ணைவிட எதிரே எரியும் விளக்கு நூறு மடங்கு பிரகாசமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறில் 8 பங்கு திரும்பி வந்தாலே அது கண்ணைப்போல எட்டு மடங்கு ஆகிவிடுகிறது. கண்ணாடிக் கடையில் ஆன்டி கிளேர் என்று சொல்லிப் போட்டுத் தரும் பூச்சு இதை ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரும். அப்போது மிஞ்சுவது லேசான பச்சையோ ஊதாவோ கலந்த சாயல் மட்டும்.

இதில் முக்கியமான விஷயம், பளபளப்பு கண்ணை அழிப்பதில்லை. கண்ணிலிருந்து வரும் ஒளியோடு தன் ஒளியைக் கூட்டுகிறது. கருவிழியிலிருந்து வரவேண்டிய கொஞ்ச ஒளியும் வந்துகொண்டுதான் இருக்கிறது, அதன் மேல் ஒரு வெளிச்சம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கேமரா தாங்குகிற அளவுக்குள் இந்தக் கூட்டுத்தொகை இருந்தால், கண் அந்தத் திரைக்குள் மங்கலாகப் பதிந்திருக்கும். அளவைத் தாண்டினால் கேமரா எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக எழுதிவிடும். அந்த இடத்தில் எதுவும் பதியவில்லை, எதைச் செய்தாலும் வராது.

எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கணினிப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நிறம் எடுக்கும் கருவியை வெள்ளையான இடத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் 255 என்று காட்டினால் அங்கே ஒன்றும் இல்லை. ஏதாவது ஒன்று 230, 240 என்று இறங்கியிருந்தாலும் நம்பிக்கைக்கு இடம் உண்டு. பெரியவரின் வலப்பக்க வில்லையில் நடு முழுக்க மூன்றும் 255. இடப்பக்கத்தில் நீலம் மட்டும் 255-ஐ நெருங்கியிருந்தது. சிவப்பு நன்றாகக் கீழே இருந்தது.

இது ஏன் என்று யோசித்தால் ஒரு வழி கிடைக்கிறது. வாசலில் தெரிந்த மாலை வானத்தின் வெளிச்சம் நீலம் கூடியது. ஆகவே அது நீல எண்ணைத்தான் அதிகம் ஏற்றும், சிவப்பை அவ்வளவு தொடாது. படத்தின் சிவப்பு அலைவரிசையை மட்டும் தனியே பிரித்துக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால் திரை பாதிக்கு மேல் விலகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் `Colors > Components > Decompose` போய் RGB என்று கொடுத்தால் மூன்றும் தனித்தனியாக வரும். பிறகு `Colors > Levels` திறந்து கறுப்பு முனையை வலப்பக்கம் நகர்த்தினால், மேலே கூடியிருந்த வெளிச்சத்தைக் கழித்தது போல ஆகி, இருட்டு மறுபடி இருட்டாகும். நான் அப்படிச் செய்தபோது இடப்பக்கக் கண் மெல்ல எழுந்து வந்தது: மேலிமையின் கோடு, கருவிழியின் வட்டம், அதன் நடுவே கண்மணி, வலது மேல்மூலையில் வீடியோ விளக்கின் ஒரு பொட்டு. கீழிமை மயிர் வரவில்லை. அது பரவாயில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. படம் அசலாக இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் அமுக்கப்பட்டு வரும். அமுக்கும்போது முதலில் பலியாவது நிறத்தின் நுணுக்கம்தான். சிவப்பைத் தனியே பிரித்தால் கண்ணுக்குப் பதில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரியும். மகள் முதலில் அனுப்பிய பிரதியில் எனக்கு அதுதான் தெரிந்தது. `Document` என்ற வழியில் அசல் கோப்பை மறுபடி அனுப்பச் சொன்ன பிறகுதான் கருவிழியின் ஓரம் வட்டமாக வந்தது.

வலப்பக்கக் கண் கதை வேறு. அங்கே எதுவும் பதியவில்லை.

இந்த இடத்தில் பலரும் செய்வது, கிடைத்த கண்ணைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் ஒட்டுவது. ஆரம்ப காலத்தில் நானும் செய்திருக்கிறேன். ஒட்டியதும் சரியாக இருப்பது போலத் தோன்றும். மறுநாள் காலையில் பார்த்தால் ஆள் மாறுகண் போல இருப்பார். காரணம் இந்தப் படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. முகம் இடப்பக்கம் திரும்பியிருப்பதால் இடக்கண் நம்மிடமிருந்து விலகி, அகலம் குறுகித் தெரிகிறது. வலக்கண் நமக்கு அருகில் இருக்கிறது, அது அகலமாக இருக்கவேண்டும். பார்வையும் இடம் நோக்கிப் போகிறது; அதைத் திருப்பிப்போட்டால் ஒரு கண் இடமும் ஒரு கண் வலமும் பார்க்கும். கண்ணுக்குள் மின்னும் விளக்குப் பொட்டும் எதிர்ப்பக்கம் போய்விடும், ஒரே ஹாலில் இரண்டு விளக்கு எதிரெதிரே எரிந்தது போல. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுபது எழுபது வயதில் யாருடைய இரண்டு இமைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை.

அதனால் வேறு சாட்சி தேடவேண்டும். நான் மகளிடம் கேட்டது அந்தக் கல்யாண வீடியோவை. இதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வில்லை ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது. கண்ணாடியை 5 டிகிரி திருப்பினால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி 10 டிகிரி திரும்பும். ஆகவே தலை துளி அசைந்தாலே பளபளப்பு வில்லையை விட்டு வழுக்கி ஓடிவிடும். புகைப்படத்தில் அது உறைந்துபோகிறது; வீடியோவில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லப் பெரியவர் தலையைத் தாழ்த்துகிற இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். ஐந்தாறு பிரேம்களில் வலக்கண் முழுதாகத் தெரிந்தது. படம் தெளிவில்லைதான். ஆனாலும் வலது மேலிமை இடதைவிடக் கொஞ்சம் தொங்கியிருந்தது என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. திருப்பிப்போட்டிருந்தால் இது போயிருக்கும்.

இமையின் வடிவம் வீடியோவிலிருந்து கிடைத்தது. கண்ணின் உள்விவரத்துக்கு வீட்டிலிருந்த இன்னொரு படம் உதவியது. பத்து வருடம் முன்பு ஏதோ விண்ணப்பத்துக்காகக் கண்ணாடி இல்லாமல் ஸ்டூடியோவில் எடுத்தது. அதை அப்படியே கொண்டுவந்து பிரேமுக்குள் வைக்கக்கூடாது, இரண்டு காரணங்களுக்காக.

முதலாவது, அளவு. கிட்டப்பார்வைக்குப் போடும் மைனஸ் வில்லை கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும். தூரப்பார்வைக்கான பிளஸ் வில்லை பெரிதாக்கும். எவ்வளவு என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மகள் அப்பாவின் கண்ணாடியைப் பெட்டியோடு எடுத்துவந்திருந்தார். கோடு போட்ட நோட்டை மேசையில் விரித்து, கண்ணாடியைக் காகிதத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே பிடித்தேன். முகத்தில் போடும்போது வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே ஏறக்குறைய அந்தத் தூரம்தான். ஒரு கையெட்டுத் தூரத்திலிருந்து பார்த்தால், வில்லைக்குள் கோடுகள் நெருங்கித் தெரிந்தன. விளிம்பில் ஒவ்வொரு கோடும் முறிந்து உள்ளே நகர்ந்திருந்தது. பெட்டிக்குள் மடித்திருந்த சீட்டில் மைனஸ் 5.5 என்று இருந்தது. கணக்குப்படி அந்தப் பவர் கண்ணை 7, 8 சதவீதம் சுருக்கும். ஸ்டூடியோ படத்துக் கண்ணை அந்த அளவு சுருக்கிய பிறகு அது இடக்கண்ணோடு ஒத்துப்போனது.

அதே நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. விளிம்பில் கோடுகள் முறிந்ததைப் போலவே, முகத்தின் பக்கவாட்டு எல்லையும் வில்லைக்குள் முறிந்து உள்ளே தள்ளித் தெரியும். பெரியவரின் இடப்பக்கப் பொட்டிலும் கன்னமும் சேரும் கோடு பிரேமுக்கு மேலே ஓரிடத்தில், வில்லைக்குள் ஓரிடத்தில், கீழே மறுபடி பழைய இடத்தில் இருந்தது. இதைத் தவறு என்று நினைத்து நேராக்கிவிடுகிறவர்கள் உண்டு. நேராக்கினால் அது பவர் இல்லாத வெறும் கண்ணாடி ஆகிவிடும். தினமும் அந்த முகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஏதோ இடிக்கும், எது என்று சொல்லத் தெரியாது.

இரண்டாவது காரணம் வயது. வயதானவர்களின் கருவிழி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் படரும். பத்து வருடம் முந்தைய படத்தில் அது மெல்லிதாக இருந்தது. ரிசப்ஷன் படத்தின் இடக்கண்ணில் நன்றாகவே தெரிந்தது. இளைய கண்ணை முதிய முகத்தில் வைத்தால் பார்வை அந்நியமாகிவிடும். அதனால் ஸ்டூடியோ படத்திலிருந்து உள்முனையின் வடிவத்தையும் இமை மடிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். கருவிழியின் நிறத்தையும் வளையத்தையும் இடக்கண்ணிலிருந்து எடுத்தேன்.

கண்ணை எங்கே வைப்பது என்பதற்கு முகமே அளவுகோல் தரும். வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் கருவிழியின் குறுக்களவு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. அதனால் தெரிகிற கருவிழியின் உயரத்தை அளந்து மறுகண்ணுக்கும் அதையே வைக்கலாம். உயரத்தைச் சொல்கிறேன், அகலத்தை அல்ல. முகம் திரும்பினால் அகலம்தான் குறுகும். இரண்டு கண்களின் உள்முனைகளையும் இணைக்கும் கோடு பிரேமின் மூக்குப் பாலத்தோடு எந்தச் சாய்வில் போகிறது என்று இடக்கண்ணிலிருந்து பார்த்து, அதே கோட்டை நீட்டினேன். மேலிமை கருவிழியின் உச்சியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருப்பது வழக்கம். கருவிழி முழுவட்டமாக வெளியே தெரிந்தால் ஆள் திடுக்கிட்டது போல இருப்பார். தொங்கிய இமை உள்ள வலக்கண்ணில் இன்னும் கொஞ்சம் அதிகமாக மூடினேன். சிரிக்கும்போது கீழிமையும் சற்று மேலே ஏறும். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தானே அவர் வந்தார்.

வரையும் முறையில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்: கண்ணாடியே இல்லாதது போல முதலில் இரண்டு கண்களையும் முடிப்பேன். பிரேமை முதலில் வரைந்துவிட்டு ஓட்டைக்குள் கண்ணை அடைக்கப் போனால், கண் பிரேமின் நடுவுக்கு வந்து உட்கார்ந்துவிடும். உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு அது நடுவிலிருந்து மூக்குப் பக்கமாகவும் சற்று மேலேயும்தான் இருக்கும். எச்பி பென்சிலில் மெல்லிய கோடு, 2பியில் கருவிழி, கண்மணிக்கும் மேலிமையின் கீழ்நிழலுக்கும் மட்டும் 4பி. வெள்ளைவிழியை வெள்ளையாக விடமாட்டேன். புருவமும் இமையும் பிரேமும் நிழல் போடும் இடம் அது. நெற்றியின் மினுமினுப்பைவிட ஒரு படி இருட்டாகத்தான் இருக்கும். கண் தெரியவேண்டும் என்ற ஆசையில் அதை வெளுப்பாக விட்டால், கண் பொம்மைக் கண் போல முறைக்கும்.

பிறகுதான் பிரேம். அதன் நிழல் கன்னத்தில் விழும் மெல்லிய கோடு. கடைசியில் கண்ணாடி.

ஆம், பளபளப்பை முழுவதும் நீக்கிவிட்டால் வில்லையே இல்லாத வெறும் கம்பி முகத்தில் தொங்குவது போல ஆகிவிடும். கண் தெரியவும் வேண்டும், அதன் முன்னால் கண்ணாடி இருப்பதும் தெரியவேண்டும். நான் வைத்திருக்கும் அளவு இது: பளபளப்பு வில்லையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, கருவிழியைத் தொடக்கூடாது, மேலிமைக் கோட்டை அறுக்கக்கூடாது. இந்த இரண்டும்தான் பார்வையைச் சுமக்கின்றன. வெளிப்பக்க மேல்மூலை, கன்னத்தை ஒட்டிய கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் விழுந்தால் யாருக்கும் இழப்பில்லை. பெரியவரின் படத்தில் வலப்பக்க வில்லையில் வீடியோ விளக்கை வெளிமூலைக்கு ஒதுக்கினேன். விளக்கு எந்தப் பக்கம் என்பதை மூக்கின் நிழல் சொல்கிறது. மூக்கு நிழல் இடப்பக்கம் விழுந்திருக்க, பளபளப்பை வில்லையின் இடமூலையில் வைத்தால் பொருந்தாது. இடப்பக்க வில்லையில் வாசலின் மேல்விளிம்பை மட்டும், பிசையும் ரப்பரைக் கூராக்கி, ஏற்கெனவே போட்ட நிழலின் மேல் ஒரு வளைந்த பட்டையாகத் தூக்கி எடுத்தேன். வில்லை குவிந்திருப்பதால் அதில் எந்த நேர்கோடும் வளைந்துதான் தெரியும். அந்த வளைவு ஒன்றே ‘இங்கே கண்ணாடி இருக்கிறது’ என்று சொல்லிவிடும்.

கண்ணுக்குள் இருக்கும் பொட்டையும் வில்லை மேல் இருக்கும் பளபளப்பையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. பொட்டு ஈரக் கண்ணின் மேல் விழுவது, மிகச் சிறியது, ஓரம் கூர்மையானது, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்கும். வில்லையின் பளபளப்பு பெரியது, ஓரம் மங்கியது, இரண்டு வில்லையிலும் வேறு வேறு இடத்தில் விழலாம். படத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே வெள்ளையாகத் தெரியும்போது, வரைகிறவர் அவற்றைப் பிரித்து வைக்கவேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, படத்தைப் போனில் எடுத்து இடவலம் திருப்பிப் பார்ப்பேன். பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது தெரிந்துவிடும். பிறகு அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்குவேன். அந்த அளவில் கண்ணுக்கு முன் வெள்ளை தெரிந்தால் பளபளப்பு அதிகம். கறுப்புக் குழியாகத் தெரிந்தால் வெள்ளைவிழியை மிகவும் இருட்டாக்கிவிட்டேன்.

இதில் ஒரு நாணயம் இருக்கிறது, அதை விடமாட்டேன். முழுப்படம் முடியுமுன், கண்கள் மட்டும் வந்த நிலையில் வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். எது படத்தில் இருந்தது, எது நான் தேடிச் சேர்த்தது என்று சொல்லிவிடுவேன். “இடது கண் இந்தப் படத்திலேயே இருந்தது. வலது கண் வீடியோவிலிருந்தும் பழைய படத்திலிருந்தும் எடுத்தேன்மா” என்றேன். மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் போனை எடுத்து அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு, தாளைக் காட்டினார். அந்தம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். “சிரிக்கிறப்போ அந்த வலது கண்ணு இன்னும் கொஞ்சம் சுருங்கும்” என்றார். கீழிமையை அரை மில்லிமீட்டர் உயர்த்தினேன். “அவ்வளவுதான்” என்றார்.

அந்தம்மாவின் கண்ணாடியிலும் போன் திரையின் வெளிச்சம் நீலச் சதுரமாக விழுந்து, இரண்டு கண்களும் தெரியவில்லை. மகளிடம் சொன்னேன்: ஊருக்குப் போனதும் அம்மாவை ஒரு படம் எடுத்துவையுங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து வராமல் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வரட்டும். கண்ணாடிக் கால்களைக் காதுக்கு மேலே ஒரு விரல்கடை தூக்கிவிடுங்கள். வில்லை லேசாகக் கீழே சாய்ந்து, வெளிச்சம் தரையைப் பார்த்துப் போய்விடும், படத்தில் அந்தச் சாய்வு தெரியாது. அதே இடத்தில், அதே இருக்கையில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொன்று எடுங்கள். இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.